ஒரு லிட்டர் கிரைண்டர் மூன்றாவது கேட்டில் நின்ற கதை: நிகழ்வு ஆய்வு

புதுப் பொருள் யோசனை ஒன்றை அச்சு செய்யும் வரை கொண்டுபோய், பிறகு கைவிடுவதுதான் சிறு ஆலைக்கு விழும் மிகப் பெரிய அடி. வரைபடத்துக்கும் மாதிரிக்கும் ஆகும் செலவு சில லட்சம். பிளாஸ்டிக் உடலுக்கான அச்சுக்கு ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து அது பல லட்சமாகிவிடுகிறது. அந்த அச்சை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. எடை போட்டு விற்றால் இரும்பு விலைதான் வரும். ஆகவே கேள்விகளை எல்லாம் அதற்கு முன்பே கேட்டு முடித்திருக்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்வதற்கான முறையே ஸ்டேஜ்-கேட். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ராபர்ட் கூப்பர் 1990இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் உலகெங்கும் பரவியது. வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு கேட் வைத்து, அங்கே "தொடரலாம்" அல்லது "நிறுத்து" என்று முடிவெடுப்பதுதான் அதன் சாரம். பெரிய நிறுவனங்களுக்கான முறை என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. நாற்பது பேர் வேலை செய்யும் ஆலைக்குத்தான் இது அதிகம் தேவை, ஏனென்றால் அங்கே ஒரு தவறான அச்சு ஒரு வருட லாபத்தைக் கொண்டுபோய்விடும்.

இந்த ஆய்வு கோவை கணபதி வட்டாரத்துச் சிறு கிரைண்டர் ஆலைகளின் அமைப்பை வைத்துக் கட்டிய ஒரு மாதிரி நிகழ்வு. விலைகளும் எண்ணிக்கைகளும் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. இயந்திரத்தின் இயற்பியலும் கேட்டுகளின் நடைமுறையும் அப்படியே உள்ளவை.

ஆலையும் ஐந்து யோசனைகளும்

ஆலை 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரும், ஓட்டல்களுக்கான 10 லிட்டர் டில்டிங் கிரைண்டரும் செய்கிறது. கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வருகிறது. டிரம் வெளியே ஸ்பின்னிங் செய்து வாங்கப்படுகிறது. மோட்டாரும் வெளியே வாங்குவதுதான். பொருத்துவது, சோதிப்பது, பெட்டியில் போடுவது ஆலைக்குள் நடக்கிறது. வடிவமைப்பாளர் ஒரே ஒருவர். புதுப் பொருளுக்கென்று வருடத்துக்கு 40 லட்சம் ஒதுக்க முடியும்.

மேசைக்கு வந்த யோசனைகள் ஐந்து. இருவர் மூவர் உள்ள வீட்டுக்கு 1 லிட்டர் சின்னக் கிரைண்டர். 2 லிட்டருக்கு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார். கைப்பேசியில் இயக்கும் கிரைண்டர். தேங்காய்த் துருவியும் மாவு பிசையும் துணைக்கருவியும் சேர்ந்த தொகுப்பு. சத்தம் குறைந்த 10 லிட்டர் டில்டிங்.

எந்தக் கேட்டுக்கும் முன்பே மூன்று விதிகள் எழுதப்பட்டன. ஒவ்வொரு கேட்டின் அளவுகோலும், அதற்கு முந்தைய கட்டம் தொடங்கும் நாளிலேயே எண்ணோடு எழுதப்படும். முடிவு வந்த பிறகு எண் மாறாது. யோசனை யாருடையதோ அவர் எடுத்துச் சொல்லலாம், வாக்களிக்க முடியாது. திருத்திக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவது ஒரு கேட்டில் ஒரே ஒரு முறைதான்.

முடிவெடுக்கும் நால்வர்: முதலாளி, உற்பத்திப் பொறுப்பாளர், கணக்கர், சர்வீஸ் பார்க்கும் மூத்த டெக்னீஷியன். நான்காமவரைப் பல ஆலைகள் விட்டுவிடுகின்றன. திரும்பி வந்த இயந்திரத்தைத் திறந்து பார்த்தவர் அவர்தான். எந்தப் புஷ் தேயும், எந்த இடத்தில் மாவுத் தண்ணீர் இறங்கி மோட்டாருக்குப் போகும் என்பது வடிவமைப்பாளரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கேட் 1: ஒரு "இல்லை" போதும்

முதல் கேட்டில் பணம் செலவாவதில்லை. ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் "ஆம்" அல்லது "இல்லை". வாங்குபவரின் எந்த வேலை குறைகிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா? இப்போதுள்ள கல், டிரம், மோட்டார் சப்ளையர்களால் செய்ய முடியுமா? இப்போதுள்ள டீலர்கள் மூலமே விற்க முடியுமா? கைவிரலுக்கோ மின்சாரத்துக்கோ புது ஆபத்து வராமல் இருக்கிறதா? நம்மிடம் உள்ள ஒரே வடிவமைப்பாளரின் நேரம் போதுமா?

இங்கே மதிப்பெண் போட்டுச் சராசரி எடுக்கக் கூடாது. சராசரி ஒரு "இல்லை"யை மறைத்துவிடும். நான்கு கேள்விக்கு ஒன்பது மதிப்பெண்ணும் பாதுகாப்புக்கு ஒன்றும் வாங்கிய யோசனை, சராசரியில் ஏழைத் தாண்டி நல்ல பிள்ளையாக அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். கூப்பர் கட்டாயமாகத் தேற வேண்டியவற்றையும், இருந்தால் நல்லது என்பவற்றையும் பிரித்து வைத்தது இதற்காகத்தான். கட்டாயமானவற்றில் தேறியவை அதிகமாக இருந்தால்தான் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்த வேண்டும்.

கைப்பேசிக் கிரைண்டர் முதல் கேள்வியிலேயே நின்றது. உளுந்தை மொத்தமாகப் போட்டுவிட்டு வெளியே போக முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இடையிடையே தண்ணீர் தெளித்து, டிரம் ஓரத்தில் ஒட்டியதைத் தள்ளிவிட வேண்டும். ஆள் பக்கத்திலேயே நிற்கும்போது தூரத்திலிருந்து சுவிட்சு போடுவதால் எந்த வேலையும் குறையவில்லை. நான்காவது கேள்வியிலும் அது தேறவில்லை: ஒருவர் டிரம்முக்குள் கை விட்டிருக்கும்போது இன்னொருவர் வேறெங்கோ இருந்து இயக்கிவிடலாம்.

துணைக்கருவித் தொகுப்பு சந்தையில் ஏற்கனவே பலரிடம் இருக்கிறது, நம்முடையதில் வேறுபாடு எதுவும் எழுதப்படவில்லை, நிறுத்தப்பட்டது. டில்டிங் கிரைண்டர் மற்ற நான்கு கேள்வியிலும் தேறினாலும் வடிவமைப்பாளரின் நேரம் இல்லை. அது காத்திருப்பில் வைக்கப்பட்டது. காத்திருப்புக்கு ஒரு தேதி எழுத வேண்டும் என்பது முக்கியம். தேதி இல்லாத காத்திருப்புப் பட்டியல்தான் பல ஆலைகளில் யாருக்கும் "நிறுத்து" என்று சொல்ல மனம் வராத யோசனைகளின் கிடங்காகிறது.

கேட் 2: டீலரின் மரியாதையும் டீலரின் காசோலையும்

1 லிட்டரும் பிஎல்டிசியும் அடுத்த கட்டத்துக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம், 20,000 ரூபாய்.

பிஎல்டிசியை ஒரு தாள் கணக்கே முடித்துவிட்டது. 150 வாட் மோட்டார், ஒரு முறைக்கு ஒரு மணி நேரம், வாரம் மூன்று முறை ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 2 யூனிட். பிஎல்டிசி அதில் 40 சதவீதம் மிச்சம் பிடித்தாலும் 0.8 யூனிட்தான். யூனிட்டுக்கு 5 ரூபாய் வைத்தால் மாதம் 4 ரூபாய். மோட்டாரும் கட்டுப்பாட்டு அட்டையும் சேர்ந்து கூடுதலாக 900 ரூபாய் ஆகும் என்றால், அந்தப் பணம் திரும்ப 18 ஆண்டுக்கு மேல் வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், குறைவாகப் பயன்படுத்தும் வீட்டில் அந்த 4 ரூபாயும் கிடையாது. மின்விசிறியில் பிஎல்டிசி விற்பதற்குக் காரணம் மின்விசிறி தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சுழல்வது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஓடும் இயந்திரத்தில் அதே மோட்டார் விலையை ஏற்றுவதோடு நின்றுவிடும். கேட் 2க்கு எழுதிவைத்த அளவுகோல், வாங்குபவருக்கு மூன்று ஆண்டுக்குள் பணம் திரும்ப வேண்டும் என்பது. நிறுத்தப்பட்டது.

ஆனால் இதே கணக்கு காத்திருப்பில் இருந்த டில்டிங்குக்கு வேறு விடை தருகிறது. ஒரு குதிரைத்திறன், அதாவது சுமார் 750 வாட், தினம் 4 மணி நேரம் ஓடினால் 3 யூனிட். 20 சதவீதம் மிச்சமானால் 0.6 யூனிட். கடைக்கான கட்டணம் 9 ரூபாய் என்று வைத்தால் மாதம் 160 ரூபாய் வரும். கூடுதல் விலை 4,000 என்றால் 25 மாதத்தில் திரும்பிவிடும். அந்தக் குறிப்பு டில்டிங் கோப்புக்குப் போனது. ஒரு யோசனையை நிறுத்தும்போது அதிலிருந்த கணக்கைத் தூக்கிப் போடாமல் இருப்பதால் கிடைத்த பலன் இது.

1 லிட்டருக்குச் சந்தைதான் கேள்வி. பன்னிரண்டு டீலர்களைப் பார்ப்பது என்று முடிவானது: கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கோபி. இங்கேதான் பெரும்பாலான ஆலைகள் ஏமாறுகின்றன. கொங்கு நாட்டு டீலர் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லமாட்டார். "நல்லாத்தான் இருக்குதுங்க, கொண்டுட்டு வாங்க, பாக்கலாமுங்க" என்பார். அதை "ஆம்" என்று எழுதிக்கொண்டு வந்தால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வரும். ஆகவே அளவுகோல் இப்படி எழுதப்பட்டது: கடை விலை 4,200 ரூபாய் என்று சொல்லி, பத்து இயந்திரத்துக்கு ஒன்றுக்கு 500 வீதம் திருப்பித் தரக்கூடிய முன்பணம் கேட்க வேண்டும். பன்னிரண்டில் ஐந்து பேராவது காசோலை கொடுத்தால் தொடரலாம். நால்வர் என்றால் நிறுத்து. ஏழு பேர் கொடுத்தார்கள். மாவு அரைப்பது வாரம் ஒரு முறை என்று ஆகிவிட்ட வாடகை வீடுகள், தூக்கி அலமாரியில் வைக்க வேண்டும் என்ற தேவை, இரண்டையும் அவர்களே சொன்னார்கள். ஆகவே எடை எட்டரை கிலோவுக்குள் என்பதும் அடுத்த கேட்டின் அளவுகோலில் சேர்ந்தது.

கடை விலையை எப்போதும் வரியோடு சேர்த்தே எழுத வேண்டும். வெட் கிரைண்டருக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரி இல்லாமல் 4,000 ரூபாய் உள்ள இயந்திரம் முந்தைய நாள் வரை 4,200க்கு விற்றது, அன்றிலிருந்து 4,720. கேட்டுக் கோப்பில் "விலை 4,000" என்று மட்டும் எழுதி வைத்திருந்தால், வாங்குபவர் பார்க்கும் விலை மாறியது கோப்பில் தெரியவே தெரியாது.

கேட் 3: அச்சுக்கு ஆர்டர் போகும் முன்

இந்தக் கட்டத்துக்கு மூன்று மாதம், 2,10,000 ரூபாய். அச்சு இல்லாமல் ஐந்து மாதிரிகள்: டிரம் லேத்தில் கையால் ஸ்பின்னிங் செய்தது, உடல் ஃபைபரில் வார்த்தது, கல் மட்டும் உண்மையான அளவில் கொத்தியது. அளவுகோல்கள் ஆறு:

- 400 கிராம் அரிசி இட்லிப் பதத்துக்கு 30 நிமிடத்துக்குள். பதத்தை விரலால் அல்ல, 600 மைக்ரான் சல்லடையில் தண்ணீர் விட்டு அலசி, நிற்கும் அளவை 2 லிட்டர் கிரைண்டரில் அரைத்த மாவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது.
- 100 கிராம் உளுந்து 25 நிமிடத்துக்குள், மாவில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும்.
- மாவின் சூடு தொடக்கத்திலிருந்து 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறக் கூடாது.
- 180 வோல்ட்டில், டிரம்மில் உளுந்து இருக்கும்போது, ஐந்து மாதிரியும் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்க வேண்டும்.
- எடை 8.5 கிலோவுக்குள்.
- ஒரு இயந்திரத்துக்குப் பங்களிப்பு 600 ரூபாய்க்குக் குறையக் கூடாது. மோசமான விற்பனையிலும் அச்சுச் செலவு 24 மாதத்தில் திரும்ப வேண்டும்.

கடைசி வரியின் கணக்கை விரித்துப் பார்க்கலாம். 4,200இல் 18 சதவீத வரி போனால் 3,559. டீலர், விநியோகஸ்தர் இருவருக்கும் சேர்த்து 22 சதவீதம் போனால் ஆலைக்கு 2,776. பொருளும் கூலியும் 2,090 என்பது கேட் 2இல் போட்ட மதிப்பீடு. மிஞ்சுவது 686. இதுதான் பங்களிப்பு. ஆலையின் நிலையான செலவு, வாரண்டி, விளம்பரம் ஆகியவற்றில் ஒரு இயந்திரத்தின் பங்கு 480. அதற்கு மேல் 120 இருந்தால்தான் இரும்பு விலை ஏறினாலும் தாங்கும் என்பதால் 600. மோசமான விற்பனை என்பது வருடத்துக்கு 2,000. நம்முடைய 2 லிட்டரை வாங்கியிருக்கக்கூடியவர்கள் இதற்கு மாறுவதைக் கழித்த பிறகு வரும் எண்ணிக்கை அது. அச்சுகள் மொத்தம் 22 லட்சம். 600 ரூபாய் பங்களிப்பில் 3,667 இயந்திரம், 22 மாதம். தேறும், ஆனால் இரண்டு மாதமே இடைவெளி. கேட்டுக்குள் நுழையும்போதே இந்த யோசனை மெல்லிய கயிற்றில் நடக்கிறது என்பது நால்வருக்கும் தெரிந்திருந்தது.

முதல் சோதனையில் உளுந்து நன்றாகப் பொங்கியது. அரிசி 46 நிமிடம் எடுத்தது. சூடு 9 டிகிரி ஏறியது. மோட்டார் சிறியது என்பதுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும் காரணம். ஆனால் மோட்டார் சுமை இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. குறை கல்லில் இருந்தது.

கொள்ளளவைப் பாதியாக்கினால் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 0.79 மடங்காகும். உருளைக் கல்லின் எடை கொள்ளளவோடு சேர்ந்து பாதியாகிவிடும். ஆனால் அடிக்கல்லில் அது படியும் கோட்டின் நீளம் 0.79 மடங்காகத்தான் குறையும். ஆகவே ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் விழும் அழுத்தம் 0.5 ÷ 0.79, அதாவது 0.63 மடங்கு. அதே சுழற்சி வேகத்தில் கல் உரசும் வேகமும் 0.79 மடங்காகிறது. ஊறிய உளுந்து மிருதுவானது. இந்த அழுத்தம் அதற்குப் போதும். அரிசி கெட்டி. கல் அதன் மேல் ஏறி இறங்குகிறதே தவிர உடைப்பதில்லை. நேரம் நீள நீள உராய்வுச் சூடு மாவில் சேர்கிறது. சூடேறிய உளுந்து சரியாகப் பொங்காது, கோடையில் மாவு சீக்கிரம் புளித்துவிடும். பெரிய இயந்திரத்தை அப்படியே சுருக்கினால் சின்ன இயந்திரம் கிடைக்காது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. நெல்லோ மசாலாவோ, எடையால் அரைக்கும் எந்த இயந்திரத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

ஒரு முறை திருத்த அனுமதி கிடைத்தது: ஆறு வாரம், 60,000 ரூபாய். 2 லிட்டரின் இரண்டு உருளைக் கல்லும் சேர்ந்து 3 கிலோ, சின்னதில் 1.5. பழைய அழுத்தம் திரும்ப 3 × 0.79, ஏறக்குறைய 2.4 கிலோ எடை தேவை. குறையும் 0.9 கிலோவை மேலிருந்து அழுத்தும் ஸ்பிரிங் தர வேண்டும். உரசும் வேகத்தை முழுமையாக ஈடுகட்ட டிரம்மை 1.27 மடங்கு வேகமாகச் சுற்றலாம்தான். ஆனால் மாவை வெளிப்புறம் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஆரம் குறைந்ததைக் கழித்தாலும் அதுவும் 1.27 மடங்காகிவிடும். மாவு சுவரேறிக் கல்லுக்கு வராமல் அங்கேயே நிற்கும், மூடி ஓரத்தில் தெறிக்கும். ஆகவே வேகம் 10 சதவீதம் மட்டும் கூட்டப்பட்டது.

அரிசி 28 நிமிடத்துக்கு வந்தது, சூடு 6 டிகிரி. ஆலைக்குள் எல்லோருக்கும் உற்சாகம். இந்த இடத்தில் கேட் கூட்டம் நடந்திருந்தால் யோசனை தேறியிருக்கும். ஆனால் நான்காவது அளவுகோல் இன்னும் பார்க்கப்படவில்லை, அதைக் கேட்டவர் சர்வீஸ் டெக்னீஷியன்தான்.

மாலையில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் தோட்டத்து வீடுகளில் 180 வோல்ட் என்பது அரிதல்ல. இண்டக்‌ஷன் மோட்டாரின் திருப்புவிசை வோல்ட்டின் வர்க்கத்தோடு குறையும். 180ஐ 230ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.61. ஐந்தில் இரண்டு பங்கு விசை போய்விடுகிறது, ஸ்பிரிங் வேறு கல்லை அழுத்திப் பிடித்திருக்கிறது. கெட்டியான உளுந்து மாவோடு நிறுத்தி மறுபடி போட்டபோது ஐந்து மாதிரியில் இரண்டு சுழலவில்லை, உறுமிக்கொண்டு நின்றன. அப்படி நிற்கும் மோட்டார் சில நிமிடத்தில் சூடேறி வைண்டிங் கருகும். வாரண்டியில் திரும்பி வரும் இயந்திரம் இதுதான். ஆலை மின்சாரத்தில் மட்டும் சோதித்திருந்தால் இது தெரிய வந்திருக்காது.

85 வாட்டை 110 வாட்டாக மாற்றியதும் ஐந்தும் சுழன்றன. எடை 8.3 கிலோ, அதுவும் தேறியது. பிறகு கணக்கர் கூட்டினார். ஸ்பிரிங் அமைப்பு 40, மோட்டார் வேறுபாடு 100, கூடிய அழுத்தத்தைத் தாங்கும் பேரிங் 30. பொருளும் கூலியும் 2,260. பங்களிப்பு 516. அச்சுச் செலவு திரும்ப 4,264 இயந்திரம், 25.6 மாதம்.

கூட்டத்தில் நடந்தது

வடிவமைப்பாளருக்கு வருத்தம் இருப்பது இயல்பு. நான்கரை மாத உழைப்பு, அரைப்பதில் எல்லா எண்ணும் தேறிய இயந்திரம். "ஒன்றரை மாசந்தானுங்ணா வித்தியாசம், இதுக்குப் போயி நிறுத்தறதா?" என்று கேட்டார். முதலாளி அவருக்குச் சொன்ன பதில்: "அந்த இருபத்துநாலை எழுதுனப்ப நீயும் கூடத்தான் இருந்த, தம்பி. அன்னைக்கு இதுக்குன்னு பாத்து எழுதல."

இந்த இடத்தில் கேட் முறை சோதிக்கப்படுகிறது. ஒன்றரை மாதம் உண்மையிலேயே சின்ன வித்தியாசம்தான். அதற்காகப் பிடிவாதம் பிடிப்பது முட்டாள்தனமாகக்கூடத் தெரியலாம். ஆகவே நால்வரும் எண்ணை மாற்றாமல், எண்ணுக்குள் வர நேர்மையான வழி உண்டா என்று பார்த்தார்கள். இரண்டு வழி இருந்தது.

ஒன்று, 2 லிட்டரின் மூடி அச்சையும் அடித்தட்டு அச்சையும் பகிர்ந்துகொண்டு 22 லட்சத்தை 16 ஆக்குவது. அப்போது 3,101 இயந்திரம், 19 மாதத்துக்குள் திரும்பிவிடும். ஆனால் பங்களிப்பு அதே 516தான். நிலையான செலவின் 480 போனால் 36 ரூபாய். மோட்டார் விலை ஒரு முறை ஏறினால் அதுவும் காலி. உண்மையில் இந்த யோசனையை நிறுத்தியது ஒன்றரை மாதம் அல்ல, இந்த 36 ரூபாய்தான். அச்சு திரும்பும் காலத்தை மட்டும் அளவுகோலாக வைத்திருந்தால் அச்சைப் பகிர்ந்ததும் தேறிவிட்டதாக நினைத்து, விற்க விற்க ஒன்றும் மிஞ்சாத பொருளை மூன்று வருடம் செய்திருப்பார்கள். ஒரு இயந்திரத்தின் கணக்கும் முதலீட்டின் கணக்கும் தனித்தனியாகத் தேற வேண்டும்.

இரண்டாவது வழி விலை. குறையும் 84 ரூபாய் ஆலைக்கு வர, கடை விலை சுமார் 127 ஏற வேண்டும். 4,350 வைத்தால் சரியாகிவிடும். தாளில் இது மிக எளிது. ஆனால் டீலர்களின் காசோலை 4,200க்கு வந்தது. விலையை மாற்றினால் கேட் 2இன் சான்று செல்லாது. அதே பன்னிரண்டு பேரிடம், அதே முன்பணத்தோடு, ஒரே வாரத்தில் மறுபடி கேட்கப்பட்டது. நால்வர்தான் சரி என்றார்கள். தீபாவளித் தள்ளுபடியில் மற்ற கம்பெனிகளின் 2 லிட்டர் அந்த விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, இரண்டையும் அருகருகே வைத்தால் ஆள் பெரியதைத்தான் தூக்குவார் என்பது பொள்ளாச்சி டீலரின் கணிப்பு. ஐந்துக்கு நான்கு. நிறுத்தப்பட்டது.

மொத்தச் செலவு: கேட் 2க்கு 20,000, மாதிரிகளுக்கு 2,10,000, திருத்தத்துக்கு 60,000. இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். அச்சுக்கும், அடுத்த கட்டத்தில் ஐம்பது இயந்திரங்களை வீடுகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதற்கும், முதல் இருப்புக்கும் போகவிருந்த 30 லட்சம் கையில் நிற்கிறது. டீலர்களின் முன்பணம் அந்த வாரமே திருப்பித் தரப்பட்டது. அடுத்த முறை அதே கேள்வியோடு அவர்களிடம் போக வேண்டுமென்றால் இதில் ஒரு நாள்கூடத் தாமதம் ஆகக் கூடாது.

வரிசையில் ஒரு குறை

இந்த நிகழ்வில் முறை வேலை செய்தது என்றாலும், வரிசை சரியாக இல்லை. 0.63 என்ற அழுத்தக் கணக்கைப் போட ஒரு தாளும் பென்சிலும் போதும். அதை கேட் 2இலேயே போட்டிருக்கலாம். போட்டிருந்தால் ஸ்பிரிங் தேவை, பெரிய மோட்டார் தேவை, 2,090 என்ற மதிப்பீடு குறைவு என்பதெல்லாம் 20,000 ரூபாயில் தெரிந்திருக்கும். கேட் 2இல் சந்தையைப் பற்றி மட்டுமே கேட்டார்கள். யோசனை விழக்கூடிய இடம் இயந்திரத்தில் இருந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் தொடங்கும்போது, "இது விழுந்தால் எதனால் விழும், அதை மிகக் குறைந்த செலவில் எப்படிப் பார்ப்பது" என்று எழுதி, அந்தச் சோதனையை முதலில் வைக்க வேண்டும். 180 வோல்ட் சோதனையும் அப்படித்தான்: வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வேரியாக் இருந்தால் ஒரு மதிய வேலை. அது கடைசியில் நடந்ததற்குக் காரணம், பட்டியலில் நான்காவதாக எழுதியிருந்தது என்பது மட்டுமே.

இன்னொன்று, கேட் 3 வரை மாவு அரைத்தவர்கள் எல்லோரும் ஆலைப் பணியாளர்கள். எப்போது தண்ணீர் தெளிப்பது, எவ்வளவு போடுவது என்று அவர்கள் கைக்குத் தெரியும். வீட்டில் முதல் முறை பயன்படுத்துபவர் அரிசியை ஒரே தடவையில் கொட்டுவார். மாதிரிகளில் இரண்டையாவது வெளியாட்கள் கையில் கொடுத்து, சொல்லித் தராமல் பார்ப்பதை அளவுகோலில் சேர்ப்பது நல்லது.

நிறுத்தக் குறிப்பு ஒரே பக்கம். எந்த அளவுகோலில், எந்த எண்ணில் நின்றது, செலவு எவ்வளவு, எது மிஞ்சியது, எது மாறினால் மறுபடி எடுக்கலாம். மிஞ்சியவற்றில் ஸ்பிரிங் அமைப்பின் வரைபடம் 2 லிட்டர் கோப்புக்குப் போனது. கல் தேய்ந்து எடை குறைந்த பழைய இயந்திரங்களுக்கு அது உதிரிப் பாகமாகப் பயன்படுமா என்பது தனியாக ஒரு கேட் 1 கேள்வியாக எழுதப்பட்டது. மறுபடி எடுக்கும் நிபந்தனைகள் இரண்டு: 110 வாட் மோட்டார் இப்போதுள்ள விலையிலிருந்து 85 ரூபாய் குறைய வேண்டும், அல்லது கிரைண்டருக்கான வரி 12 சதவீதமோ அதற்குக் கீழோ வர வேண்டும். 12 சதவீதத்தில் அதே 4,200 கடை விலைக்கு ஆலைக்கு 2,925 வரும், பங்களிப்பு 665. இரண்டில் ஒன்று நடந்தால் கோப்பு நேராகக் கேட் 3க்கு வரும். எதுவும் நடக்காமல் யாரும் இதை மேசைக்குக் கொண்டுவர முடியாது. வடிவமைப்பாளரின் நேரம் அந்த வாரத்திலிருந்து பிஎல்டிசி போட்ட 10 லிட்டர் டில்டிங்குக்கு மாற்றப்பட்டது. அதன் கேட் 2 அளவுகோலில் முதல் வரி, ஓட்டல் சமையலறையில் இரண்டு வாரம் மீட்டர் மாட்டி, தினமும் எத்தனை மணி நேரம் உண்மையில் ஓடுகிறது என்று பார்ப்பது. 4 மணி நேரம் என்ற அனுமானம் இரண்டரைக்குக் கீழே போனால், பணம் திரும்பும் காலம் 36 மாதத்தைத் தாண்டிவிடும். அப்படியானால் மாதிரி செய்யாமலேயே நிறுத்தப்படும்.